சிம் பெரிசு, ஸ்லாட் சிறுசு: வெட்டாமல் சரியான அளவு வாங்குவது எப்படி

ராமநாதபுரத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "அண்ணே, இந்த சிம்மைக் கொஞ்சம் வெட்டிக் குடுங்க, புது போன்ல போகமாட்டேங்குது" என்று வாரத்துக்கு ஒருவராவது வந்து நிற்கிறார். சிம் கட்டர் என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. ஸ்டேப்ளர் மாதிரி இருக்கும், ஒரு அழுத்தில் வேலை முடிந்துவிடும். ஆனாலும் நானோ அளவுக்கு வெட்டித் தருவதை நான் நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. ஏன் நிறுத்தினேன், அதற்குப் பதிலாக நீங்கள் என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்

இன்று நம் கையில் புழங்கும் சிம் மூன்று அளவு. பெரிய சிம்முக்கு மினி என்று பெயர், 25 மி.மீ. நீளம், 15 மி.மீ. அகலம். பட்டன் போன்கள் பலவற்றில் இன்னமும் இதுதான் போகும். அடுத்தது மைக்ரோ, 15-க்கு 12. ஐபோன் 4 வந்த 2010-ஐ ஒட்டி இது பரவியது. கடைசியாக நானோ, 12.3-க்கு 8.8. 2012-இல் ஐபோன் 5-ஓடு வந்தது. இப்போது விற்கும் ஸ்மார்ட்போன்களில் சிம் ட்ரே இருந்தால் அது அநேகமாக நானோதான்.

அளவுகோல் இல்லாமலே அடையாளம் காணலாம். பொன் நிறத் தகட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். நானோவில் தகட்டைச் சுற்றி மெல்லிய ஓரம் மட்டுமே இருக்கும். மைக்ரோவில் எல்லாப் பக்கமும் ஓரளவு பிளாஸ்டிக் தெரியும். பெரிய சிம்மில் தகடு ஒரு பக்கமாக ஒதுங்கி, மறுபக்கம் வெறும் பிளாஸ்டிக்காக இருக்கும். போனுக்கு என்ன அளவு என்பது அட்டைப் பெட்டியிலோ மாடல் விவரத்திலோ `Nano-SIM` என்கிற மாதிரி எழுதியிருக்கும். சந்தேகம் என்றால் ட்ரேயை வெளியே எடுத்து, ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு நானோ சிம்மை அதன்மேல் வைத்துப் பார்த்தால் போதும்.

நீளம் அகலத்தைப் பார்க்கிறவர்கள் கனத்தை மறந்துவிடுகிறார்கள். மினி, மைக்ரோ இரண்டும் 0.76 மி.மீ. கனம். நானோ 0.67 மி.மீ. வித்தியாசம் ஏறக்குறைய ஒரு தாளின் கனம்தான். நானோவுக்கு வெட்டுவதில் வரும் தொல்லைகளில் பாதி அந்த ஒரு தாள் கனத்தில்தான் இருக்கிறது.

வெட்டினால் எது கெடுகிறது

பெரிய சிம்மை மைக்ரோவாக வெட்டுவதில் பெரிய ஆபத்து இல்லை. கனம் ஒன்றேதான், போவதும் வெறும் பிளாஸ்டிக்தான். கட்டரில் கோணல் இல்லாமல் வைத்தால் சரியாக வந்துவிடும். நானோவுக்கு வெட்டுவது வேறு கதை.

பழைய சிம் ஒன்றை எடுத்து அதன் பொன் தகட்டை உற்றுப் பாருங்கள். கோடுகளால் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்திருப்பார்கள். சில கார்டில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு கட்டம், சிலவற்றில் பக்கத்துக்கு நான்காக எட்டு. எட்டுக் கட்டம் இருந்தால் அந்தத் தகடு நானோவின் எல்லைக்குள் அடங்காது. வெட்டும்போது கத்தி பிளாஸ்டிக்கில் இறங்காது, தகட்டின் மேலேயே இறங்கும்.

தகட்டுக்கு நேர் கீழே, பிசின் பூச்சுக்குள், சில மி.மீ. அகலமே உள்ள சிப் உட்கார்ந்திருக்கிறது. சிப்பிலிருந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் தலைமுடியைவிட மெல்லிய கம்பி போகிறது. கத்தி அந்தக் கம்பியை அறுத்தால் கார்டு அங்கேயே போய்விடும். அதிலாவது விஷயம் உடனே தெரிந்துவிடுகிறது. பிசினில் விரிசல் மட்டும் விழுந்தால் அன்றைக்கு வேலை செய்யும். போன் சூடாகி ஆறி, ட்ரேயில் கொஞ்சம் அழுந்தி, சில நாள் கழித்துத்தான் கம்பி விடும். வெட்டின கடைக்காரர் "போட்டுக் காமிச்சேனே, டவர் வந்துச்சே" என்பார். அவர் பொய் சொல்லவில்லை.

அடுத்தது அந்தத் தாள் கனம். வெட்டிய கார்டு ட்ரேயில் விளிம்பைத் தாண்டி மேலே துருத்திக்கொண்டிருக்கும். அப்படியே தள்ளினால் ட்ரே பாதியில் சிக்கும். சிக்காமல் போனாலும் உள்ளே இருக்கும் பின்கள் அளவுக்கு மீறி அமுங்கும். அந்தப் பின்கள் சின்ன ஸ்பிரிங் நாக்குகள். நெடுநாள் அழுந்திக் கிடந்தால் பழையபடி நிமிராது. பிறகு நீங்கள் நல்ல நானோ சிம் வாங்கிப் போட்டாலும் அது மெல்லியது என்பதால் பின் அதைத் தொடாது. கெட்ட கார்டு போனையும் கெடுத்துவிட்டுப் போகிறது. இதைச் சமாளிக்கக் கார்டின் பின்புறத்தை உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். தேய்க்கிற இடம் சிப்புக்கு நேர் பின்னால். தயவுசெய்து செய்யாதீர்கள்.

இத்தனையும் தப்பி கார்டு பிழைத்தாலும் இன்னொன்று பாக்கி இருக்கிறது. 4ஜி வருவதற்கு முன்பு வாங்கிய பழைய சிம்மை எவ்வளவு அழகாக வெட்டினாலும் அது பழைய சிம்தான். 4ஜி எடுக்கப் பொதுவாகப் புது கார்டு வாங்கியே ஆகவேண்டும். ரொம்பப் பழைய கார்டுகளில் 5 வோல்ட்டில் மட்டும் ஓடுகிறவை உண்டு. இன்றைய போன் கொடுப்பது 1.8 அல்லது 3 வோல்ட். அந்தக் கார்டு அதில் உயிர் பெறவே பெறாது.

ஒரு தம்பிக்கு நடந்தது

பரமக்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் வியாழக்கிழமை சாயங்காலம் வந்தார். ஞாயிறு விடியற்காலை திருச்சியிலிருந்து சார்ஜாவுக்கு ஃப்ளைட். வேலைக்குப் போகிறார். புது போன் வாங்கி, 2009-லிருந்து இருக்கிற நம்பரின் சிம்மைத் திங்கட்கிழமை ஒரு கடையில் வெட்டிப் போட்டிருக்கிறார். மூன்று நாள் நன்றாக இருந்தது. வியாழன் மதியத்திலிருந்து திரையில் `No SIM`.

"அண்ணே, பேங்க் ஓடிபி எல்லாம் இந்த நம்பருக்குத்தான் வருது. போன் போச்சா, சிம் போச்சா, சொல்லுங்க."

இந்த மாதிரி நேரத்தில் பலரும் சந்தேகப்படும் சிம்மை எடுத்து இன்னொருவர் போனில் போட்டுப் பார்க்கிறார்கள். அது தப்பு. வெட்டிய கார்டு அந்தப் போனின் பின்னையும் வளைத்துவிடலாம். மாற்றிச் செய்யுங்கள்: நல்ல நானோ சிம் ஒன்றை உங்கள் போனில் போட்டுப் பாருங்கள். என்னுடைய சிம்மைத் தம்பியின் போனில் போட்டேன், உடனே டவர் எடுத்தது. ஆக போன் நலம், கார்டுதான் போய்விட்டது.

அதை லென்ஸ் அடியில் வைத்து அவருக்கும் காட்டினேன். எட்டுக் கட்டத் தகடு. கீழே இருந்த இரண்டு கட்டங்களைக் கத்தி துண்டாக எடுத்திருந்தது. அந்த இரண்டும் போனுக்குத் தேவைப்படாதவை, அதனால்தான் மூன்று நாள் ஓடியது. ஆனால் வெட்டுப்பட்ட ஓரத்தில் செம்பு பிசிறு பிசிறாக நின்றது, அதில் ஒன்று ட்ரேயின் உலோக விளிம்பைத் தொடும் தூரத்துக்கு வளைந்திருந்தது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கப் பிளாஸ்டிக்கில், சிப் இருக்கும் இடத்துக்குக் குறுக்கே, வெள்ளையாக ஒரு கோடு. உள்ளே விரிசல். பிசிறை ஒதுக்கிவிட்டுத் துடைத்து வைத்தும் உயிர் வரவில்லை.

"இத ஒட்ட வைக்க முடியாது தம்பி. நம்பர் யார் பேர்ல இருக்கு?"

"அப்பா பேர்லண்ணே. அவருதான் வாங்கிக் குடுத்தாரு."

அப்படியானால் அப்பாதான் வரவேண்டும். வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் அப்பா ஆதார் கார்டோடு வந்து சேர்ந்தார். இருவரும் சிம் கம்பெனியின் ஷோரூமுக்குப் போனார்கள், செத்துப்போன அந்தக் கார்டையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லியிருந்தேன். மதியம் ஒரு மணி வாக்கில் புது சிம்மில் டவர் வந்துவிட்டது. ஆனால் எஸ்எம்எஸ் வரவில்லை. தம்பி பதறிப்போய் போன் செய்தார். அது கோளாறு இல்லை, விதி. சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது. நம் பெயரில் வேறு யாராவது சிம் எடுத்து ஓடிபி திருடாமல் இருக்க அரசு செய்த ஏற்பாடு. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஓடிபி வந்தது, பேங்க் ஆப்பைத் திறந்து பார்த்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பினார். ஒரே ஒரு நாள் தாமதித்திருந்தால் ஓடிபி வராத நம்பரோடு விமானம் ஏறியிருப்பார். அங்கே போன பிறகு இந்திய நம்பருக்கு டூப்ளிகேட் சிம் எடுப்பது லேசான காரியம் இல்லை.

வெளிநாடு போகிறவர்கள் சிம் மாற்றும் வேலையைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கவுண்டரில் எப்படிக் கேட்பது

போவதற்கு முன் வீட்டிலேயே செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. பழைய சிம்மில் சேமித்த நம்பர்கள் புது சிம்முக்குத் தானாக வராது. பட்டன் போனிலிருந்து மாறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் எல்லா நம்பரும் சிம்மில்தான் இருக்கும். அவற்றைப் போனுக்குக் காப்பி செய்யுங்கள், முடியாவிட்டால் நோட்டில் எழுதி வையுங்கள். பழைய கார்டு இன்னமும் ஓடுகிறது என்றால் அதை வெட்டாமல் பழைய போனிலேயே போட்டு, அந்தப் போனையும் கையில் கொண்டுபோங்கள். மாற்றுவது நீங்கள்தானா என்று உறுதிசெய்ய அந்த நம்பருக்கே அழைப்போ செய்தியோ வரக்கூடும்.

நம்பர் யார் பெயரில் இருக்கிறதோ அவர் நேரில், அசல் ஆதாரோடு போகவேண்டும். தெரு முனைக் கடையைவிடக் கம்பெனியின் சொந்த ஷோரூம் நல்லது. அங்கே போய் "சிம் வேணும்" என்று மட்டும் சொன்னால் புது நம்பர் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். இப்படிச் சொல்லுங்கள்:

"சார், இதே நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வேணும். புது போன்ல நானோ சிம்தான் போகும். 4ஜி சிம்மா, மூணு சைஸும் வர்ற கார்டா குடுங்க. எவ்வளவு ஆகும்? எத்தனை மணிக்குள்ள ஆன் ஆகும்?"

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது. "இதே நம்பருக்கு" என்றால் புது இணைப்பு வேண்டாம் என்று புரியும். "நானோ" என்றால் அளவு. "மூணு சைஸும் வர்ற கார்டு" என்பது ஒரே அட்டையில் பெரிய, மைக்ரோ, நானோ மூன்று அளவுக்கும் கோடு போட்டு, கையால் உடைத்து எடுக்கும்படி வருவது. இப்போது பெரும்பாலும் இதுதான் தருகிறார்கள். இருந்தாலும் கேட்டு வாங்குங்கள். அங்கேயே கட்டரை எடுத்து யாராவது வெட்ட வந்தால் "வேண்டாம், கம்பெனி நானோவே குடுங்க" என்று நிறுத்திவிடுங்கள். அப்படிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கார்டு கைக்கு வந்ததும் உடைக்காமல் முதலில் பாருங்கள். கார்டில் 89 என்று தொடங்கும் நீளமான எண் அச்சிட்டிருக்கும், நம் நாட்டுக் கார்டில் 8991. அதைப் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். பெரிய அட்டையில் சிம்மைப் பூட்டும் PIN, பூட்டிக்கொண்டால் திறக்கும் PUK எண்கள் இருந்தால் அதையும் எடுங்கள். பிறகு உங்கள் போனுக்குத் தேவையான அளவின் கோட்டில் மட்டும் உடையுங்கள். கட்டைவிரலைத் தகட்டின் மேல் வைத்து அழுத்தக் கூடாது, கோட்டை ஒட்டிய ஓரத்தில் மெதுவாக அழுத்தினால் கழன்று வரும். உடைந்த இடத்தில் பிளாஸ்டிக் மொட்டு நின்றால் நகத்தால் எடுத்துவிடுங்கள். மிஞ்சுகிற பிளாஸ்டிக் சட்டங்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

புது சிம் ஆன் ஆகும் வரை பழையது ஓடிக்கொண்டிருக்கும். பழையதில் டவர் போனதும் போனை அணைத்துப் புதியதைப் போடுங்கள். யுபிஐ ஆப்கள் மறுபடி நம்பரைச் சரிபார்க்கச் சொல்லும். அதற்கு உங்கள் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போகவேண்டும், ஆகவே அந்த 24 மணி நேரம் முடிந்தபின் செய்யுங்கள். அன்றைக்குச் செலவுக்குக் கையில் ரொக்கம் இருக்கட்டும். சிம் மாற்றிய 7 நாளுக்குள் வேறு கம்பெனிக்கு நம்பரை மாற்றவும் முடியாது. 2024 ஜூலையிலிருந்து இது டிராய் விதி.

எதிர்த் திசை: நானோவைப் பெரிய ஸ்லாட்டில் போடுவது

ஸ்மார்ட்போன் கெட்டுப்போய் அந்தச் சிம்மை அம்மாவின் பட்டன் போனில் போடவேண்டிய நாள் வரும். இங்கே வெட்டும் பேச்சு இல்லை, அடாப்டர்தான்: நடுவில் நானோ உட்கார ஓட்டை விட்ட, பெரிய சிம் அளவுப் பிளாஸ்டிக் சட்டம். அடாப்டரால் கார்டு கெடுவது குறைவு. கெடுவது போன்.

கெடுகிற விதத்தைப் புரிந்துகொண்டால் தவிர்ப்பது எளிது. ஸ்லாட்டுக்குள் ஆறு பின் நாக்குகள் மேல்நோக்கி வளைந்து நிற்கின்றன. கார்டு வழுவழுப்பாக இருப்பதால் அவற்றின்மேல் சறுக்கிக்கொண்டு போகிறது. வெறும் அடாப்டரை உள்ளே விட்டால் நடுவில் இருக்கும் ஓட்டைக்குள் அந்த நாக்குகள் எழும்பிக்கொள்ளும். வெளியே இழுக்கும்போது சட்டத்தின் விளிம்பு அவற்றைக் கொக்கி போட்ட மாதிரி பிடித்து மடக்கும், அல்லது பிடுங்கியே விடும். ஆகவே சிம் இல்லாத அடாப்டர் ஒருபோதும் போனுக்குள் போகக் கூடாது. "சைஸ் சரியா இருக்கா பாப்போம்" என்று வெறும் சட்டத்தை விட்டுப் பார்த்துத்தான் பலர் என்னிடம் வருகிறார்கள்.

சிம் வைத்தே போட்டாலும், அது சட்டத்தில் தளர்வாக இருந்தால் உள்ளே கழன்று அதே கதிதான். அதனால் அடியில் மெல்லிய மூடியோ ஒட்டும் தாளோ உள்ள அடாப்டராக வாங்குங்கள். சிம்மை அழுத்தி வைத்து, மேலே விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். எங்கேயும் நகம் இடறக் கூடாது. உங்கள் கார்டோடு வந்த சட்டத்தைப் பத்திரப்படுத்தியிருந்தால் சந்தை அடாப்டரைவிட அது நன்றாகப் பொருந்தும். ஆனால் அதற்கு அடிமூடி இல்லை, பின்புறம் ஒரு துண்டு மெல்லிய செலோடேப் ஒட்டிக்கொள்ளுங்கள். தகட்டுப் பக்கம் டேப் படக்கூடாது.

ஸ்லாட்டின் வகையையும் பார்க்கவேண்டும். கதவு போலத் திறந்து மேலிருந்து சிம்மை வைத்து மூடும் வகையிலும், வெளியே வரும் ட்ரேயிலும் அடாப்டர் அவ்வளவாகத் தொல்லை தராது. ஸ்லாட்டை மூடியிருக்கும் உலோகத் தகட்டுக்கு அடியில் பக்கவாட்டில் நுழைத்துத் தள்ளும் வகையில்தான் சிக்குகிறது. அம்மாவின் போன் அந்த வகையாக இருந்து, அடிக்கடி சிம்மைக் கழற்றி மாட்ட வேண்டியிருந்தால், அடாப்டரை விட்டுவிடுங்கள். அம்மாவுக்கென்று தனி சிம் வாங்கி, பெரிய அளவிலேயே உடைத்துப் போட்டுவிடுவது நல்லது.

ஏற்கெனவே சிக்கிவிட்டதா? இழுக்காதீர்கள். போனை அணைத்து, கழற்ற முடிந்தால் பேட்டரியையும் எடுங்கள். ஸ்கிரீன் ப்ரொடெக்டரோடு வரும் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சிம்மின் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, அடாப்டருக்கும் பின்களுக்கும் நடுவே மெதுவாக நுழையுங்கள். பட்டை பின்களை அமுக்கிக்கொண்டு கடைசிவரை போனதும், பட்டையையும் அடாப்டரையும் சேர்த்துப் பிடித்து ஒன்றாக வெளியே எடுங்கள். பட்டை பாதியில் தடைபட்டால் பலம் காட்டாமல் அப்படியே கடைக்குக் கொண்டுவாருங்கள். வெளியே வந்தபின் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள்: ஆறு நாக்கும் ஒரே உயரத்தில் நிற்கவேண்டும். ஒன்று படுத்திருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ ஊசியால் நிமிர்த்தப் பார்க்காதீர்கள், ஒடிந்துவிடும். "சிம் ரீடர் மாத்தணும்" என்று கேளுங்கள். பழையதைச் சூடுகாட்டிக் கழற்றிப் புதியது வைப்பார்கள். அதே மாடலுக்கு ரீடர் கிடைக்கிறதா என்று முதலில் விசாரித்துவிட்டுப் போனைக் கொடுங்கள்.